பொத்தானைக் காக்கவைத்த காஜா

"பொத்தான், ஊக்கு, ஜிப் இதெல்லாம் எப்படி வந்தது? சிந்துவெளியிலேயே பொத்தான் இருந்ததாகப் படித்தேன். அப்படியென்றால் அது எல்லோர் சட்டையிலும் ஏற ஏன் இத்தனை ஆயிரம் வருடம் ஆனது?"

மொகஞ்சதாரோவில் கிடைத்தவற்றைப் பொத்தான் என்று சொல்வதில் தவறில்லை. சிப்பியில் செதுக்கி, துணியோடு சேர்த்துத் தைக்கத் துளை போட்ட சின்ன வில்லைகள் அவை. நாலாயிரம் வருடத்துக்கும் மேலான பழமை உடையவை. ஆனால் அவை உடையை மூடுவதற்காகச் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை. அழகுக்காகத் தைத்து வைத்தவை. ஒரு சட்டையை மூட வேண்டுமென்றால் பொத்தான் பாதி வேலையைத்தான் செய்கிறது. மறுபாதியைச் செய்வது எதிர்ப்பக்கத் துணியில் இருக்கும் துளை. நம் தையல்கடைகளில் அதற்குக் காஜா என்று பெயர். துணியை வெட்டி, ஓரம் கட்டிய காஜாக்கள் ஐரோப்பாவில் தென்படுவது 13ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும். காஜா வர ஏன் அவ்வளவு காலம் ஆனது?

நான் பள்ளி விடுமுறைகளில் என் மாமாவின் தையல்கடையில் காஜா எடுத்தவன். அதனால் இந்தப் பதிலை விரலிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்து, நடுவில் அரை அங்குல நீளத்துக்குக் கத்தரியால் ஒரு கீறல் போடுங்கள். ஒரு பொத்தானை அதில் பத்து தடவை நுழைத்து எடுங்கள். கீறலின் இரு ஓரத்திலும் இழைகள் மீசை மாதிரி நீட்டிக்கொள்ளும். இன்னும் இருபது தடவை செய்தால் கீறல் இரு முனைகளிலும் நீண்டு, பொத்தான் தானாகவே வெளியே வந்துவிடும். நெய்த துணி நிற்பதே பாவும் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான். அதை வெட்டுகிற இடத்தில் பிடிமானம் போய்விடுகிறது. அதுவும் உடையிலேயே அதிக இழுப்பு விழுகிற இடத்தைப் பார்த்து வெட்டுகிறோம்.

இதைத் தடுக்கும் தையல் சாதாரண ஓரத்தையல் அல்ல. காஜாத் தையலில் ஒவ்வொரு குத்துக்கும் நூலை ஊசியின் கீழே சுற்றி இழுத்து, வெட்டிய விளிம்பின் மேலேயே ஒரு முடிச்சு உட்கார வைக்க வேண்டும். முடிச்சுகள் இடைவெளி இல்லாமல் வரிசையாக உட்கார்ந்தால் விளிம்பு ஒரு மெல்லிய கயிறு போல ஆகிவிடும். பொத்தான் உரசுவது அந்தக் கயிற்றின் மேல்தான், துணி மேல் இல்லை. முனையில், இழுப்பு வந்து நிற்கும் இடத்தில், குறுக்காக இரண்டு மூன்று நூல் போட்டு அதையும் கட்ட வேண்டும். அளவும் சரியாக இருக்க வேண்டும். பொத்தானின் அகலத்தோடு அதன் தடிமனையும் கூட்டினால் காஜாவின் நீளம். 11 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 14. இதில் இரண்டு குறைந்தால் போட்டுக் கழற்றும்போது துணி கிழியும், இரண்டு கூடினால் நடக்கும்போதே பொத்தான் கழன்றுவிடும். மாமா ஒவ்வொரு காஜாவையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். முடிச்சுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் பிரித்து மறுபடி போடச் சொல்வார்.

சரி, இந்தத் தையலைப் பழங்காலத்து ஆட்களால் போட முடியாதா? கட்டாயம் முடியும். அவர்கள் ஊசிவேலையில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். துணியை வெட்டுவது என்ற எண்ணமே அவர்கள் உடைக்கு எதிரானது. ரோமானியர்களின் மேலங்கியைத் தறியிலேயே அதன் வடிவத்துக்கு நெய்துவிடுவார்கள். நாலு பக்கமும் கரை இருக்கும், தலைக்கு ஒரு பிளவைக்கூட நெசவிலேயே விட்டுவிடுவார்கள். தக்கிளியில் கையால் நூல் நூற்ற காலம் அது. ஒரு உடைக்கான நூலை நூற்பதற்கு நெய்வதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அப்படிக் கிடைத்த துணியில் கத்தரி வைக்க யாருக்கு மனசு வரும்? கிரேக்கர், ரோமர் உடைகள் பெரும்பாலும் சுற்றியும் மடித்தும் தொங்கவிட்டும் உடுத்துபவை. நம் வேட்டியையும் புடவையையும் நினைத்துக்கொண்டால் அந்தத் தர்க்கம் உடனே புரியும். உடலுக்கும் துணிக்கும் நடுவே இடம் இருக்கிற உடைக்குத் திறந்து மூடும் வாய் எதற்கு? தோளில் நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தால் போதும்.

அந்தப் பிடிப்பைக் கொடுத்தது ஊசி. இங்கேதான் ஊக்கின் கதை பொத்தானின் கதையோடு சேருகிறது. ஊசி துணியை வெட்டுவதில்லை. கூரான முனை இழைகளை ஒதுக்கிவிட்டு நடுவே போகிறது. எடுத்துவிட்டால் இழைகள் ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இன்றைக்கு இங்கே குத்தலாம், நாளைக்கு உடை தளர்ந்தால் நாலு விரல் தள்ளிக் குத்தலாம். தளர்வாக நெய்த கம்பளித் துணிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. காஜா ஒரே இடத்தில் நிரந்தரமாக இருக்கும். ஊசி எங்கே வேண்டுமானாலும் வரும்.

ஆனால் நேரான ஊசி நழுவும், குத்தும். ஆயுதமாகவும் மாறும். ஏதென்ஸ் படை ஒன்று ஏஜினா தீவில் அழிந்து ஒரே ஒருவன் உயிரோடு திரும்பினான் என்றும், இறந்தவர்களின் மனைவிமார் அவனைச் சூழ்ந்துகொண்டு "என் புருஷன் எங்கே" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டபடி உடை ஊசியால் குத்தியே கொன்றார்கள் என்றும் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அதற்குப் பிறகு பெண்களின் உடையையே ஊசி தேவைப்படாத மெல்லிய நாரிழை அங்கியாக ஏதென்ஸ்காரர்கள் மாற்றிவிட்டார்களாம். இது நடந்ததோ இல்லையோ, உடை ஊசி எவ்வளவு நீளமான, சாதாரணமான பொருளாக இருந்தது என்பது இதில் தெரிகிறது.

நழுவாத ஊசியையும் அந்தக் காலத்திலேயே செய்துவிட்டார்கள். கி.மு. 13ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே மைசீனிய கிரேக்கப் பகுதிகளில் வெண்கலக் கம்பியை வில் போல மடக்கி, ஒரு முனையில் சுருள், மறுமுனையில் கூரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி என்று செய்திருக்கிறார்கள். ஒன்றைப் பக்கவாட்டில் பார்த்தால் இன்றைய ஊக்கு என்றே சொல்வீர்கள். லத்தீனில் ஃபிபுலா. ரோமானியப் பேரரசு முழுக்க அது கிடைக்கிறது. காஜாவுக்கு இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாக அவசியம் இல்லாமல் வைத்திருந்தது இந்த நல்ல ஊக்குதான் என்பது என் கருத்து. கையில் இருக்கும் பொருள் வேலையைச் செய்துவிட்டால் அடுத்ததைத் தேட மாட்டோம்.

நடுவே இன்னொரு வழியும் உண்டு. துணியை வெட்டாமல், ஓரத்தில் நூல் கண்ணி ஒன்று தைத்து அதில் பொத்தானை மாட்டுவது. சீன உடைகளில் துணிக்கயிற்றை முடிச்சிட்டுச் செய்யும் பொத்தான்கள் இப்படித்தான் மாட்டப்படுகின்றன. ஐரோப்பாவிலும் காஜாவுக்கு முன் கண்ணி இருந்தது. ஆனால் கண்ணி இரண்டு ஓரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துமே தவிர ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றாது. இழுப்பு வந்தால் நடுவில் வாய் திறக்கும். இறுக்கமான உடைக்கு அது போதாது.

அந்த இறுக்கமான உடைதான் திருப்பம். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய உடை உடம்போடு ஒட்டத் தொடங்கியது. கைப்பகுதியைத் தனியாக வெட்டி, தோள்பட்டையின் வளைவுக்குப் பொருத்தித் தைக்கும் கலை வளர்ந்தது. முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் போலப் பிடிக்கும் கை வேண்டும் என்றால் ஒரு சிக்கல் வரும். மணிக்கட்டைவிட உள்ளங்கை அகலம். மணிக்கட்டுக்குச் சரியாகத் தைத்தால் கை நுழையாது. அதனால் வசதியானவர்கள் தினமும் உடுத்திய பிறகு கைப்பகுதியை நூலால் தைத்து மூடி, இரவில் பிரித்தார்கள். இந்தத் தொல்லைக்கு ஊக்கு உதவாது. ஒரு முழ நீளத்துக்கு இருபது ஊக்குக் குத்திக்கொண்டு கையை மடக்க முடியுமா? நெருக்கமான சின்னப் பொத்தான் வரிசைதான் தீர்வு.

துணியும் அதற்குள் மாறியிருந்தது. மிதித்து இயக்கும் கிடைத்தறி நீளமான துணியைக் கொடுத்தது. நூற்கும் ராட்டை வந்தது. முக்கியமாக, நெய்த கம்பளியை ஈரத்தில் அடித்துக் கெட்டிப்படுத்தும் ஆலைகள் நீரோட்டத்தில் ஓடத் தொடங்கின. அடித்த கம்பளியில் இழைகள் ஒன்றோடொன்று பின்னி, துணி ஏறக்குறைய நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளித் தகடு போலாகிவிடும். அதை வெட்டினால் ஓரம் சட்டென்று பிரியாது. காஜாவுக்குக் காத்திருந்த துணி இது என்றே சொல்லலாம்.

லண்டனில் தேம்ஸ் கரையோரக் குப்பைமேட்டுச் சேற்றில் 14ஆம் நூற்றாண்டுத் துணித்துண்டுகள் அழுகாமல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் கைப்பகுதிகளும் உண்டு. அந்தப் பொத்தான்கள் எலும்போ உலோகமோ இல்லை. அதே துணியில் சின்ன வட்டம் வெட்டி, சுற்றிலும் நூலோட்டி, உள்ளே சுருட்டி இறுக்கிய உருண்டைகள். அவற்றை ஓரத்திலிருந்து தள்ளி வைக்காமல் துணியின் விளிம்பிலேயே தைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் காஜாக்களும் விளிம்பை ஒட்டியே இருக்கின்றன. அந்த விளிம்பு கிழிந்துவிடாமல் உட்புறம் ஒரு பட்டுப் பட்டை வைத்துத் தைத்து, அந்த இரண்டு அடுக்கையும் சேர்த்து வெட்டி, பட்டு நூலால் காஜா எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு நாம் சட்டையின் முன்பட்டிக்குள் கேன்வாஸ் வைத்துத் தைக்கிறோமே, அதே புத்தி. நான் முதலில் அதன் படத்தைப் பார்த்தபோது மாமா அந்தக் காஜாவைப் பிரிக்கச் சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

1364இல் போரில் இறந்த பிரெட்டனி பிரபு சார்ல்ஸ் த ப்ளுவா அணிந்ததாகச் சொல்லப்படும் பஞ்சு வைத்துத் தைத்த மேல்சட்டை ஒன்று லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடுப்பு ஒட்டி, மார்பு புடைத்து, முன்பக்கம் முழுக்கவும் முன்கை நெடுகவும் பொத்தான் வரிசை. ஊக்கால் மூடவே முடியாத உடை அது.

அப்புறமும் எல்லோர் உடம்பிலும் பொத்தான் ஏறிவிடவில்லை. கையால் செய்த ஒவ்வொரு பொத்தானுக்கும் கையால் எடுத்த ஒரு காஜா வேண்டும். கைதேர்ந்தவருக்கே ஒரு காஜாவுக்குப் பல நிமிடம் ஆகும். அதனால் சாதாரண மக்கள் நாடாவும் கொக்கியும்தான் வைத்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் பட்டறைகள் உலோகப் பொத்தான்களை அச்சில் அடித்துக் குவித்தபோது பொத்தானின் விலை விழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் தையல் இயந்திரமும், அதைத் தொடர்ந்து காஜா இயந்திரமும் வந்தபோதுதான் காஜாவின் விலை விழுந்தது. இயந்திரம் முதலில் தையலைப் போட்டுவிட்டு, கடைசியில் கத்தி இறங்கி நடுவே வெட்டுகிறது. கையால் எடுப்பதற்கு நேர்த்தலைகீழ் வரிசை.

நம் பக்கம் இந்த ஜோடி வந்த வழி நம் வாயிலேயே இருக்கிறது. பொத்தான் என்ற சொல் போர்ச்சுகீசிய 'பொத்தாவ்'. காஜா அவர்களின் 'காசா'. அவர்கள் மொழியில் காசா என்றால் வீடு. பொத்தான் குடியிருக்கும் துளைக்கும் அதே பெயர். உடையைச் சுற்றி உடுத்திய ஊரில் இரண்டுக்கும் சொல் இல்லாமல் இருந்ததில் வியப்பில்லை. வெட்டித் தைத்த சட்டையோடு இரண்டு சொல்லும் சேர்ந்தே கரையிறங்கின.

இனி ஊக்கு. ஃபிபுலாவின் கொள்கை தெரிந்ததுதான் என்றால் வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர் 1849 ஏப்ரல் 10இல் எதற்குக் காப்புரிமை வாங்கினார்? ஒரே கம்பியில் எல்லாம் அடங்க வேண்டும் என்பதற்கு. சுமார் எட்டு அங்குலப் பித்தளைக் கம்பியின் நடுவில் ஒரு சுருள் போட்டு, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைக் கொக்கியாக மடக்கினார். தனித்தனித் துண்டு இல்லை, கீல் இல்லை, அதனால் தேயவோ கழலவோ இடம் இல்லை. இழுத்து மெல்லியதாக்கிய, ஒரே சீரான கம்பி அப்போது மலிவாகக் கிடைத்தது. இயந்திரம் அதை வேகமாக வளைக்கும். வெண்கலக் காலத்துக் கொல்லர் ஒன்று ஒன்றாகச் செய்ததை ஆலை ஆயிரக்கணக்கில் செய்ய அதுதான் வழிவிட்டது. ஹன்ட் 15 டாலர் கடனை அடைக்கத்தான் இதை யோசித்தார் என்றும், உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்றும் பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு வந்த லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. எனக்கு இன்னும் மனசு கனக்கும் இடம் இது.

ஊக்கின் பலமான சுருள்தான் அதன் பலவீனமும். பட்டுப்புடவை மடிப்பில் குத்தும்போது மெல்லிய துணி நழுவிச் சுருளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் இழை கிழியும். எங்கள் வீட்டில் ஊக்கைத் திறந்ததும் ஒரு சின்ன மணியைக் கோத்து, சுருளை ஒட்டித் தள்ளிவிட்டுத்தான் புடவையில் குத்துவார்கள். மணி வாசலில் நிற்பதால் துணி சுருளைத் தொடாது.

ஜிப்பின் சிக்கல் முற்றிலும் வேறு. அங்கே துணியை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பற்கள் ஒன்றுபோல இருக்க வேண்டும். தையல் இயந்திரத்தால் பேர்பெற்ற ஈலியாஸ் ஹோவ் 1851இலேயே தொடர்ச்சியாக மூடும் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார், பிறகு அதைத் தொடவே இல்லை. 1893இல் விட்கோம்ப் ஜட்சன் காலணிகளுக்காக, கொக்கி வரிசைகளை ஒரு ரன்னர் இழுத்து மாட்டும்படி செய்தார். அதே வருடம் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்தும் பெரிதாக யாரும் வாங்கவில்லை. 1905 வாக்கில் அவருடைய நிறுவனம் பெண்களின் பாவாடைக்காகக் கொண்டுவந்த வடிவம் உட்காரும்போதே திறந்துகொண்டது. நனைந்தால் துருப்பிடிக்கும் என்பதால் துவைக்கும் முன் பிரித்து எடுத்து, காய்ந்த பின் மறுபடி தைக்க வேண்டியிருந்தது. எந்தத் தையற்காரரிடமும் இப்படி ஒரு பொருளைக் கொடுத்தால் திருப்பித்தான் கொடுப்பார்.

அந்த நிறுவனத்தில் 1906இல் சேர்ந்த சுவீடன்காரர் கிடியன் சுண்ட்பேக்தான் முடிச்சை அவிழ்த்தார். கொக்கியை விட்டுவிட்டார். ஒவ்வொரு பல்லின் ஒரு பக்கம் சின்னப் புடைப்பு, மறுபக்கம் அதற்கேற்ற பள்ளம். ஒரு பல்லின் புடைப்பு எதிர்வரிசைப் பல்லின் பள்ளத்தில் உட்காரும். நேராக இருக்கும்போது ஒரு பல்லை மட்டும் பிரிக்க முடியாது, ஏனென்றால் மேலும் கீழும் இருக்கும் பற்கள் அதை நகர விடாது. ரன்னருக்குள் பாதை இரண்டாகக் கிளை பிரிந்து, பட்டைகளை வளைக்கிறது. வளைந்த இடத்தில் பற்களுக்கு நடுவே இடைவெளி விரிகிறது. அந்தக் கணத்தில் எதிர்ப்பல் உள்ளே போகிறது. நேரானதும் பூட்டு. அங்குலத்துக்கு நாலு கொக்கி இருந்த இடத்தில் பத்துப் பல் வைத்தார். 1913இல் வடிவம் தயார், 1917இல் காப்புரிமை. கூடவே பற்களை அடித்துப் பட்டையில் கவ்வ வைக்கும் இயந்திரத்தையும் அவரே செய்தார். ஒரு பல் கோணினாலும் முழு வரிசையும் போய்விடும் பொருளுக்கு அந்த இயந்திரம்தான் உயிர். 1923இல் குட்ரிச் ரப்பர் நிறுவனம் தன் காலணிகளுக்கு 'ஜிப்பர்' என்று பெயர் வைத்தது. காலணியின் பெயர் பிறகு பூட்டுக்கே நின்றுவிட்டது. ஆண்களின் கால்சட்டைக்கு அது 1930களில்தான் வந்து சேர்ந்தது.

உங்கள் பையின் ஜிப் மூடிய பிறகும் ரன்னருக்குப் பின்னால் பிளந்துகொண்டே வந்தால் பற்களைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் ரன்னரின் இரு தகடுகள் தேய்ந்து விரிந்திருக்கும், அதனால் பற்களை முழுசாக அழுத்தியிருக்காது. குறடால் ரன்னரின் இரு ஓரத்தையும் மெதுவாக, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஓட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குங்கள். ஒரேயடியாக அழுத்தினால் ரன்னர் ஓடாது. ஒரு பல் உதிர்ந்தே போயிருந்தால் மட்டும் இது பலிக்காது, ஜிப்பையே மாற்ற வேண்டும்.

கடைசியாக, நீங்கள் போட்டிருக்கும் கால்சட்டையைப் பாருங்கள். கீழே ஜிப் இருந்தாலும் இடுப்பில் ஒரு பொத்தானோ கொக்கியோ இருக்கும். இடுப்பு விரியும்போது வரும் பக்கவாட்டு இழுப்பை ரன்னர் மேல் விட்டால் அது மெல்லக் கீழே இறங்கிவிடும். அதனால் அந்தப் பாரத்தைப் பொத்தான் வாங்கிக்கொள்கிறது. அந்த இடத்தில் காஜா படுக்கைவாக்கில்தான் இருக்கும். இழுக்க இழுக்கப் பொத்தான் அதன் முனையில் போய் முட்டி நிற்கும். மேலிருந்து கீழாக நிறுத்துக் காஜாவாக எடுத்தால் இழுப்பு ஓரங்களை விரித்து, பொத்தான் நடுவிலேயே கழன்றுவிடும். ஆனால் சட்டையின் முன்பக்கத்தில் நிறுத்துக் காஜா போதும், அங்கே இழுப்பு குறைவு. கழுத்துப்பட்டியில் மட்டும் மறுபடி படுக்கைவாக்கில் இருக்கும்.